பீலிக்கு எத்தனை பாகை? ஓர் உயர்வுக் கணக்கை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை எழுதும் முறை

ஆரையம்பதியில் எங்கள் வீட்டு முன்கூரைக்குப் பீலி போட, காத்தான்குடியிலிருந்து தகர வேலை செய்யும் நானா ஒருவர் வந்திருந்தார். கார்த்திகை மழை தொடங்க இரண்டு கிழமை இருந்தது. அவர் கொண்டுவந்த சீற் 62 செ.மீ. அகலம். கையை வெட்டாமல் இருக்க இரு ஓரத்திலும் ஒவ்வொரு செ.மீ. உள்ளே மடித்துத் தட்டுவார். மிச்சம் 60. அதை இரண்டு பக்கமும் நேராக மேலே மடித்துப் பெட்டி போல அடிப்பதுதான் அவருடைய வழக்கம்.

"நானா, பக்கத்தைச் சாய்ச்சு அடிச்சா இன்னும் தண்ணி பிடிக்காதா?" என்றேன்.

"பிடிக்கும் சேர். எவ்வளவு சாய்க்கிற எண்டு நீங்கதான் சொல்லணும். நீங்கதானே கணக்கு வாத்தியார்."

அன்று பின்னேர உயர்தர வகுப்பில் இதையே வினாவாகப் போட்டேன். இருபத்தைந்து பேரில் ஏறக்குறைய எல்லாருமே 60 பாகை என்று கண்டுபிடித்துவிட்டார்கள். ஆனால் அதுதான் மிகப் பெரியது என்பதற்கு முழுக் காரணம் எழுதியவர்கள் மூன்று பேர்தான். சொற்கணக்கில் புள்ளி கழிவது வகையிடலில் இல்லை, அதற்கு முன்னாலும் பின்னாலும் உள்ள வரிகளில்தான். அதனால் இந்த ஒரு கணக்கையே எடுத்து அந்த வரிகளில் நின்று நிதானமாக எழுதுகிறேன்.

எதை உயர்வாக்குகிறோம்?

பீலி நிறையத் தண்ணீரைக் கொண்டுபோக வேண்டும் என்பது வீட்டுக்காரனின் ஆசை. அதை வகையிட முடியாது, வகையிட ஒரு கணியம் வேண்டும். பீலியின் நீளம் கூரையின் நீளம், அது மாறாது. ஆகவே கனவளவு குறுக்குவெட்டின் பரப்பளவைப் பொறுத்தது. பரப்பளவை உயர்வாக்கினால் போதும்.

ஓடுகிற தண்ணீருக்கும் இது சரியா என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. ஒரே சரிவில் ஓடும் நீரின் அளவை மானிங் சூத்திரத்தால் கணிக்கும்போது குறுக்குவெட்டின் பரப்பளவும், நீர் உரசிக்கொண்டு ஓடும் ஓரத்தின் நீளமும் உள்ளே வரும். பரப்பளவு கூடினால் ஓட்டம் கூடும், உரசும் ஓரம் கூடினால் ஓட்டம் குறையும். எங்கள் பீலி விளிம்பு வரை நிரம்பும்போது உரசும் ஓரம் சீற்றின் அகலமேதான், எப்படி மடித்தாலும் 60 செ.மீ. ஆகவே நிரம்பி ஓடும் பீலிக்குப் பரப்பளவு கூடினால் ஓட்டமும் கூடும். அரைவாசி மட்டும் நிரம்பி ஓடும் தூறல் மழைக்கு இந்த வாதம் பொருந்தாது. அந்த மழைக்கு எந்தப் பீலியும் போதும் என்பதால் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

முதலில் நானாவின் பெட்டி

ஒவ்வொரு பக்கத்திலும் மேலே மடிக்கும் அளவு x செ.மீ., அடியின் அகலம் y செ.மீ. என்க. பரப்பளவு S = xy. இதில் இரண்டு மாறிகள் உள்ளன. அவற்றைக் கட்டிப்போடுவது சீற்றின் அகலம்:

2x + y = 60

இந்தச் சமன்பாடுதான் கட்டுப்பாடு. பல பேர் இதைத் தனியாக எழுதாமல் நேரே S = x(60 − 2x) என்று தொடங்கிவிடுவார்கள். விடை வந்துவிடும்தான். ஆனால் திருத்துகிறவருக்கு 60 − 2x எங்கிருந்து வந்தது என்று தெரியாது. கட்டுப்பாட்டுக்குத் தனியாக ஒரு வரி கொடுங்கள், அந்த வரிக்குத் தனியாகப் புள்ளி கிடைக்கலாம்.

x உம் y உம் நீளங்கள், ஆகவே x ≥ 0, 60 − 2x ≥ 0. அதாவது 0 ≤ x ≤ 30. இனி இதற்கு வகையிடலே தேவையில்லை, வர்க்கமாக நிறைவாக்கினால் போதும்:

S = 60x − 2x² = 450 − 2(x − 15)²

ஒரு வர்க்கம் மறையாகாது. ஆகவே S எப்போதும் 450 ஐத் தாண்டாது, x = 15 ஆகும்போது 450 ஐத் தொடும். நிறுவல் முடிந்தது. 15, 30, 15. நானா கண்ணால் பார்த்து அடிக்கும் அளவும் ஏறக்குறைய இதுவேதான்.

450 சதுர செ.மீ. சாய்த்தால் இதைத் தாண்டுமா?

கோணத்துக்குப் பெயர் வைப்பது

சீற்றை மூன்று சம பங்காக, 20, 20, 20 என்று பிரிப்போம். நடுப்பங்கு அடி. இரு பக்கப் பங்குகளையும் ஒரே அளவாக மேலே சாய்ப்போம். (ஏன் சம பங்கு என்று கேட்கிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள், கடைசியில் வருகிறேன்.)

இப்போது கோணத்தின் பெயரில் முதல் சறுக்கல். "கோணம் θ என்க" என்று மட்டும் எழுதினால் அது எந்தக் கோணம்? அடிக்கும் பக்கத்துக்கும் நடுவில் பீலியின் உள்ளே இருக்கும் கோணமா? அல்லது தட்டையாகக் கிடந்த தகரம் எவ்வளவு மேலே எழும்பியது என்ற கோணமா? இரண்டும் சேர்ந்து 180 பாகை. என் வகுப்பில் ஒருவன் படத்தில் உள்கோணத்தைக் குறித்துவிட்டு, சமன்பாட்டில் எழும்பிய கோணத்துக்கான கோசைனைப் போட்டிருந்தான். விடை 60 என்று வந்தது. ஆனால் அவனுடைய படத்தின்படி அது உள்ளே சாய்ந்து வாய் மூடிய பீலி. விடையைப் படத்தில் திரும்பப் போட்டுப் பார்த்திருந்தால் அந்த நிமிடமே பிடிபட்டிருக்கும்.

ஆகவே இப்படி எழுதுங்கள்: ஒவ்வொரு பக்கமும் கிடைத்தளத்தோடு அமைக்கும் கோணம் θ ஆரையன் என்க. θ = 0 எனில் தகரம் தட்டையாகக் கிடக்கிறது.

"ஆரையன்" என்ற சொல் அலங்காரத்துக்காக அல்ல. sin θ ஐ வகையிட்டால் cos θ என்பது θ ஆரையனில் இருக்கும்போது மட்டும்தான் உண்மை. பேச்சில் நாங்கள் பாகையில் சொல்லலாம், நானாவுக்கும் பாகையில்தான் சொல்ல வேண்டும். தாளில் π/3 என்று எழுதிவிட்டு அதாவது 60° என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

பரப்பளவை ஒரே மாறியில் கொண்டுவருதல்

வெட்டுமுகம் ஒரு சரிவகம். அடி 20. ஒவ்வொரு பக்கமும் வெளியே 20 cos θ தூரம் சாய்கிறது, ஆகவே வாயின் அகலம் 20 + 40 cos θ. குத்துயரம் 20 sin θ. சமாந்தரப் பக்கங்களின் கூட்டுத்தொகையில் அரைவாசியைக் குத்துயரத்தால் பெருக்க:

A = ½ (20 + 20 + 40 cos θ)(20 sin θ)
A = 400 sin θ (1 + cos θ)

இங்கே கட்டுப்பாடு எங்கே போனது? மூன்று பக்கத்துக்கும் 20 என்று போட்டபோதே அது உள்ளே வந்துவிட்டது. அதனால்தான் ஒரே மாறி மிஞ்சியது. இதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

வகையிட முன் நான் எப்போதும் ஒரு சோதனை செய்வேன். θ = 0 எனில் A = 0, தட்டைத் தகரத்தில் தண்ணீர் நிற்காது, சரி. θ = 90° எனில் A = 400, அது 20 க்கு 20 சதுரம், அதுவும் சரி. இரண்டு இடத்திலும் பொருந்தினால் சூத்திரத்தை நம்பி மேலே போகலாம். இதற்குப் பத்து விநாடி போதும். பிழையான சூத்திரத்தை வைத்து ஒரு பக்கம் வகையிடுவதை அது தடுக்கும்.

θ எங்கிருந்து எங்கே வரை?

பெரும்பாலான தாள்களில் இந்த வரிதான் காணாமல் போகிறது. எழுதுகிறவர்களும் 0 < θ < 90° என்று பழக்கத்தில் எழுதிவிடுவார்கள். ஏன் 90 இல் நிற்க வேண்டும்? தகரத்தை அதற்கு மேலும் உள்ளே சாய்க்கலாம், யாரும் தடுக்கவில்லை. இரண்டு ஓரமும் ஒன்றையொன்று தொடும்வரை சாய்க்கலாம். ஓரங்கள் தொடும்போது வாயின் அகலம் சுழியம்:

20 + 40 cos θ ≥ 0, ஆகவே cos θ ≥ −½, ஆகவே θ ≤ 2π/3

ஆட்சி 0 ≤ θ ≤ 2π/3, அதாவது 0 இலிருந்து 120 பாகை வரை. 120 இல் வெட்டுமுகம் 20 செ.மீ. பக்கமுள்ள சமபக்க முக்கோணியாக மூடிக்கொள்ளும். வாய் மூடிய பீலிக்குள் மழை போகாது என்பது வேறு கதை. கணிதத்தில் அது எல்லைப்புள்ளி, அவ்வளவுதான். வினாவிலேயே ஒரு வீச்சைத் தந்திருந்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள். தராவிட்டால் பொருளைக் கையில் எடுத்து இரண்டு பக்கமும் எவ்வளவு தூரம் போகலாம் என்று பார்ப்பதே வழி.

இந்த வரிக்கு ஏன் இவ்வளவு இடம் கொடுக்கிறேன் என்பது இரண்டு பந்தி தள்ளித் தெரியும்.

வகையிடல்

dA/dθ = 400 [cos θ (1 + cos θ) − sin²θ]
= 400 [2cos²θ + cos θ − 1]
= 400 (2cos θ − 1)(cos θ + 1)

sin²θ ஐ 1 − cos²θ ஆக்கி, காரணிப்படுத்தும் வரை விடாதீர்கள். காரணிப்படுத்திய வடிவம் சுழியங்களைத் தரும், குறியையும் தரும். காரணிப்படுத்தாமல் விட்டால் குறியைச் சொல்ல வழியில்லாமல் இரண்டாம் பெறுதிக்கு ஓட வேண்டிவரும்.

சுழியமாவது cos θ = ½ அல்லது cos θ = −1 ஆகும்போது. இரண்டாவது θ = π, எங்கள் ஆட்சிக்கு வெளியே இருப்பதால் விலக்குகிறோம். "விலக்குகிறோம், ஏனெனில்" என்று எழுத வேண்டும், வெறுமனே வெட்டிவிடக் கூடாது. மிஞ்சுவது θ = π/3.

அதுதான் மிகப் பெரியது என்று எப்படித் தெரியும்?

பல வருடங்களுக்கு முன் நானும் இந்த இடத்தில் கரும்பலகையில் இப்படித்தான் எழுதினேன்:

d²A/dθ² = −400 (sin θ + 2 sin 2θ)

θ = π/3 இல் இதன் பெறுமானம் −600√3, மறை. "ஆகவே A மிகப் பெரியது" என்று எழுதிக் கோடு இழுத்துவிட்டேன். பின்வாங்கில் இருந்த ஒருவன் எழும்பினான்.

"சேர், அது 60 க்குக் கிட்டத்தான் உயர்வு எண்டு சொல்லுது. அங்கால 120 க்குக் கிட்ட என்ன நடக்குது எண்டு நாம பார்க்கல்லையே?"

அவன் சொன்னது சரி. இரண்டாம் பெறுதி ஒரு புள்ளியில் மறை என்பது அந்தப் புள்ளியின் அக்கம்பக்கத்தைப் பற்றிய செய்தி மட்டும். எங்கள் ஒழுங்கையில் எங்கள் வீடு உயரமாக இருக்கலாம், அதற்காக ஊரிலேயே உயரமான வீடு என்று சொல்ல முடியாது. வினா கேட்பதோ ஊர் முழுவதற்குமான உயர்வு.

சரியான காரணத்துக்கு முதற் பெறுதியின் குறியை ஆட்சி முழுவதும் பார்க்க வேண்டும். ஆட்சியில் θ = π வராதபடியால் cos θ + 1 எப்போதும் நேர். ஆகவே குறியைத் தீர்மானிப்பது 2cos θ − 1 மட்டும்.

0 ≤ θ < π/3 இல் cos θ > ½, ஆகவே dA/dθ > 0, A கூடிக்கொண்டு போகிறது.
π/3 < θ ≤ 2π/3 இல் cos θ < ½, ஆகவே dA/dθ < 0, A குறைந்துகொண்டு போகிறது.

முழு ஆட்சியிலும் முதலில் ஏற்றம், பின் இறக்கம். நடுவில் வேறு ஏற்றம் எதுவும் இல்லை. ஆகவே θ = π/3 இல் உள்ள பெறுமானம் ஆட்சி முழுவதற்கும் மிகப் பெரியது. இந்த நான்கு வரியும் இருந்தால் இரண்டாம் பெறுதி தேவையே இல்லை. ஆட்சியை எழுதாதவர்களால் இந்த நான்கு வரியையும் எழுத முடியாது. எங்கே தொடங்கி எங்கே முடிக்கிறது என்று அவர்களுக்கே தெரியாதே.

வேறொரு வழியும் உண்டு. A ஒரு மூடிய ஆயிடையில் தொடர்ச்சியான சார்பு. அப்படிப்பட்ட சார்புக்கு மிகப் பெரிய பெறுமானம் நிச்சயமாக ஒன்று இருக்கும். அது ஒன்றில் முனையில் வரும், அல்லது பெறுதி சுழியமாகும் இடத்தில் வரும். மூன்றையும் கணிப்போம்: θ = 0 இல் 0, θ = π/3 இல் 300√3, θ = 2π/3 இல் 100√3. பெரியது 300√3. இதுவும் முழுமையான காரணம்தான். ஆனால் முனைகள் இரண்டும் ஆயிடையில் சேர்ந்திருக்க வேண்டும். 0 < θ < 2π/3 என்று திறந்து எழுதிவிட்டு இந்த வழியில் போனால் அடிப்படையே ஆடிப்போகும். திறந்த ஆயிடையில் மிகப் பெரியது இல்லாமலேயே போகலாம்.

300√3 என்பது ஏறக்குறைய 519.6 சதுர செ.மீ. பெட்டியை விட ஏறக்குறைய 70 கூட.

விடையை நானாவின் மொழிக்கு மாற்றுதல்

நானாவிடம் பாகைமானி இல்லை. "60 பாகை" என்று சொன்னால் அவர் சிரிப்பார். அவரிடம் இருப்பது நாடா. ஆகவே வாயின் அகலத்தைக் கணித்தேன்: 20 + 40 × ½ = 40. "இருபது இருபதா மடிச்சு, வாய் நாப்பது வரும்வரைக்கும் விரியுங்க நானா" என்றேன். அதை அவர் அப்படியே செய்தார். வினாவில் ஆழம் கேட்டிருந்தால் விடை 10√3 செ.மீ., ஏறக்குறைய 17.3. கோணத்தைக் கண்டுபிடித்த சந்தோசத்தில் வினா கேட்டது ஆழத்தை என்பதை மறந்துவிடுகிறவர்கள் ஒவ்வொரு வருடமும் உண்டு. கடைசி வரி எழுத முன் வினாவின் கடைசி வரியை மறுகா ஒருக்கால் வாசியுங்கள்.

கை கொஞ்சம் பிசகினால்? 55 பாகையில் A = 515.6, 65 இல் 515.7. ஐந்து பாகை தவறினாலும் இழப்பது நாலு சதுர செ.மீ. தான், நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. பெறுதி சுழியம் என்பதன் பொருளே இதுதான், உச்சியில் தரை தட்டையாக இருக்கும். விடையைச் சோதிக்கவும் இதைப் பயன்படுத்தலாம். உங்கள் விடைக்கு இரு புறமும் ஒவ்வொரு பெறுமானம் போட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் கூடிவிட்டால் எங்கோ பிழை.

பெறுதி சுழியமாகாத உயர்வு

முன்பக்கம் முடிந்தது. பின்பக்கத்தில் கூரை ஓரத்துக்கும் யன்னலுக்கு மேலுள்ள சிலாப்புக்கும் நடுவில் 12 செ.மீ. தான் இடம். 17.3 ஆழப் பீலி அங்கே நுழையாது. அதே 20, 20, 20 மடிப்பை வைத்துக்கொண்டால் என்ன கோணம்?

இப்போது 20 sin θ ≤ 12, ஆகவே sin θ ≤ 0.6. α என்பது sin α = 0.6 ஆன கூர்ங்கோணம் என்க, ஏறக்குறைய 36.9 பாகை. 120 பாகைக்குள் இதற்குப் பொருந்துவது 0 ≤ θ ≤ α மட்டும். (sin θ மறுபடி 0.6 ஆவது 143 பாகையில், அது வெளியே.) இந்த ஆயிடை முழுவதும் 60 பாகைக்குக் கீழே இருப்பதால் dA/dθ > 0. A கூடிக்கொண்டே போகிறது. ஆகவே உயர்வு வலது முனையில், θ = α இல்:

A = 400 × 0.6 × (1 + 0.8) = 432

அங்கே பெறுதி சுழியமல்ல. "பெறுதியைச் சுழியமாக்கு, தீர், முடி" என்று மனனம் செய்தவர்கள் இங்கே 60 என்று எழுதுவார்கள். சுவரோ அதற்கு இடம் விடாது. இன்னும் சிலர் பெறுதி ஆயிடைக்குள் சுழியமாகவில்லை என்று கண்டு "உயர்வு இல்லை" என்று எழுதுவார்கள். மூடிய ஆயிடையில் உயர்வு உண்டு, அது முனையில் நிற்கிறது, அவ்வளவுதான்.

வேடிக்கை என்னவென்றால், 12 செ.மீ. ஆழத்தில் நானாவின் பெட்டியை அடித்தாலும் 12 × 36 = 432. சாய்த்தும் ஒரு பிரயோசனமும் இல்லை! இது ஏதோ சொல்கிறது என்று எனக்குப் பட்டது. 12 செ.மீ. ஆழத்துக்கு 20 என்ற மடிப்பு பொருந்தவில்லை. மடிப்பின் அளவையே மாறியாக்கிப் பார்க்க வேண்டும்.

சம பங்கு ஏன்?

ஆழம் 12 ஐ முழுவதும் பயன்படுத்துவோம். பக்கத்தின் நீளம் s என்க. அடி 60 − 2s, ஒவ்வொரு பக்கமும் வெளியே சாயும் தூரம் √(s² − 144). அடிக்கும் வாய்க்கும் சராசரி எடுத்து ஆழத்தால் பெருக்க:

B = 12 (60 − 2s + √(s² − 144)), 12 ≤ s ≤ 30

பக்கம் ஆழத்தை விடக் குறைய முடியாது, அடி மறையாக முடியாது, அதனால் இந்த ஆட்சி. s = 12 என்பது நேரான பெட்டி. s = 30 எனில் அடியே இல்லை, நடுவில் ஒரே மடிப்பு.

dB/ds = 12 (s/√(s² − 144) − 2)

s/√(s² − 144) என்பதை 1/√(1 − 144/s²) என்று எழுதினால் s கூடக் கூட அது குறைகிறது என்று தெரியும். 12 க்குச் சற்று மேலே அது மிகப் பெரியது, பிறகு இறங்கி ஒரே ஓர் இடத்தில் 2 ஐக் கடக்கிறது: s² = 4(s² − 144), ஆகவே s = 8√3. அதற்கு முன் பெறுதி நேர், பின் மறை. முன்னர் சொன்ன அதே வாதம்: ஏற்றம், பின் இறக்கம். s = 8√3 இல் B மிகப் பெரியது, பெறுமானம் 720 − 144√3, ஏறக்குறைய 470.6.

கோணம்? sin θ = 12/(8√3) = √3/2. மறுபடியும் 60 பாகை!

பின்பக்கத்துக்குப் பக்கம் 13.9, அடி 32.3, வாய் 46.1 என்று நானாவுக்குச் சொன்னேன். "இந்தப் புள்ளிக் கணக்கெல்லாம் தகரத்தில வராது சேர், பதிநாலு வெக்கிறன்" என்றார். உச்சியில் தரை தட்டை, பதினாலு போதும்.

இப்போது 12 க்குப் பதில் h என்று போடுங்கள். அதே படிகள் வார்த்தைக்கு வார்த்தை நடக்கும். ஆழம் h க்கு மிகச் சிறந்த பக்கம் s = 2h/√3, கோணம் 60 பாகை, பரப்பளவு h(60 − √3 h). ஆனால் s ≤ 30 ஆக இருக்க வேண்டும், ஆகவே இது h ≤ 15√3 வரை மட்டும் செல்லும். இனி ஆழத்துக்குத் தடையே இல்லை என்றால் எந்த h சிறந்தது?

h(60 − √3 h) = 300√3 − √3 (h − 10√3)²

மறுபடியும் வர்க்க நிறைவு. உயர்வு h = 10√3 இல், பெறுமானம் 300√3. அப்போது s = 2 × 10√3/√3 = 20, அடி 60 − 40 = 20. தொடக்கத்தில் ஊகமாகப் போட்ட 20, 20, 20 தானாகவே வெளியே வந்துவிட்டது.

ஒரு மூலை மிச்சம் இருக்கிறது. h, 15√3 ஐத் தாண்டினால்? அப்போது பெறுதி சுழியமாகும் s, 30 க்கு வெளியே போய்விடும். s இன் ஆட்சி முழுவதும் பரப்பளவு கூடிக்கொண்டே போவதால் சிறந்தது முனையில், s = 30 இல், அதாவது நடுவில் ஒரே மடிப்புப் பீலி. அதன் பரப்பளவு h√(900 − h²). இரண்டு நேர் எண்களின் பெருக்கம் அவற்றின் வர்க்கக் கூட்டுத்தொகையில் அரைவாசியைத் தாண்டாது, ஆகவே இது 900/2 = 450 ஐத் தாண்டாது. 519.6 க்குக் கிட்டவும் வராது. பக்கங்களை உள்ளே சாய்ப்பதும் வேண்டாம், அதே ஆழத்துக்கு, அதே பக்கத்துக்கு வெளியே சாய்த்தால் வாய் பெரிது. ஆகவே இரு பக்கமும் ஒரே அளவான, அடி தட்டையான எந்தப் பீலியும் 300√3 ஐ மிஞ்சாது.

60 செ.மீ. சீற்றில் இப்படி மடித்த வெட்டுமுகம் ஓர் ஒழுங்கான அறுகோணியின் பாதி. நீரியல் பொறியியலிலும் சரிவகக் கால்வாய்க்கு மிகச் சிக்கனமான வடிவம் என்று இதைத்தான் படிப்பிக்கிறார்கள். அம்பாறைப் பக்கம் கல்லோயாத் திட்டத்தின் மண் வாய்க்கால்களைப் பார்த்தவர்கள் உடனே கேட்பார்கள், அவற்றின் கரை இவ்வளவு செங்குத்தாக இல்லையே என்று. 60 பாகையில் வெட்டிய மண்கரை மழைக்கும் நீருக்கும் இடிந்து விழும், அதனால் மண்ணில் கரையைப் படுக்கவைத்தே வெட்டுகிறார்கள். மண் தாங்கும் மிகப் பெரிய கோணம் β என்று தந்தால் கட்டுப்பாடு θ ≤ β. β, 60 பாகையை விடக் குறைவென்றால் உயர்வு எங்கே நிற்கும் என்பதை எங்கள் பின்பக்க யன்னல் ஏற்கனவே காட்டிவிட்டது.

தாளில் எழுதும்போது

முன்பக்கப் பீலிக்கு என் மாணவர்களிடம் நான் எதிர்பார்க்கும் விடை இவ்வளவுதான்:

ஒவ்வொரு பக்கமும் கிடைத்தளத்தோடு அமைக்கும் கோணம் θ ஆரையன், குறுக்குவெட்டின் பரப்பளவு A சதுர செ.மீ. என்க. சீற்றின் அகலம் 60 செ.மீ. மூன்று சம பங்காக மடிக்கப்படுவதால் அடியும் பக்கங்களும் 20 செ.மீ. வாயின் அகலம் 20 + 40 cos θ ≥ 0 ஆதலால் 0 ≤ θ ≤ 2π/3.

A = 400 sin θ (1 + cos θ)
dA/dθ = 400 (2cos θ − 1)(cos θ + 1)

ஆட்சியில் cos θ + 1 > 0. ஆகவே dA/dθ = 0 ஆவது θ = π/3 இல் மட்டும். 0 ≤ θ < π/3 எனில் dA/dθ > 0, π/3 < θ ≤ 2π/3 எனில் dA/dθ < 0. ஆகவே ஆட்சி முழுவதிலும் A மிகப் பெரியதாவது θ = π/3 இல். அப்போது A = 300√3 சதுர செ.மீ., ஆழம் 10√3 செ.மீ.

படம் இதற்கு மேலே, θ குறிக்கப்பட்டு இருக்க வேண்டும். அளவுகோல் பிடித்துக் கீறத் தேவையில்லை, θ எந்தக் கோணம் என்று தெரிந்தால் போதும்.